தராசு நகரவில்லை, டேப் நகர்ந்தது

ஜிம்மில் எடை தூக்க ஆரம்பித்த முதல் மாதம், 78 கிலோ இருந்த நான் 79 ஆனேன். பயிற்சியாளர் அலட்டிக்கொள்ளவில்லை. பழக்கமில்லாத வேலை கொடுத்தால் தசைகள் கொஞ்ச நாள் தண்ணீரைப் பிடித்து வைக்கும், அது தண்ணீரா கொழுப்பா என்று தராசுக்குத் தெரியாது என்றார். "ஒரு டெய்லர் டேப் வாங்கிக்கோங்க சார்."

நான் போடுவது 36 சைஸ் பேன்ட், அதாவது 91 செ.மீ. டேப் காட்டியதோ 98! நம்மில் பல ஆண்கள் பேன்டைத் தொப்பைக்குக் கீழேதான் மாட்டுகிறோம்; அதனால் பேன்ட் சைஸ் தொப்பையைக் கணக்கில் எடுப்பதே இல்லை. அளக்க வேண்டிய இடம் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில். தெற்காசிய ஆண்களுக்கு அங்கே 90 செ.மீ.க்குள் இருப்பது நல்லது என்பார்கள்.

வாரம் ஒரு காலை, கழிவறை போய்வந்த பிறகு, சாப்பிடுவதற்கு முன் அளந்தேன். வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக விட்டு முடித்ததும் பார்க்க வேண்டும். முதுகுப் பக்கம் டேப் சரிந்துவிடும், கண்ணாடியில் சரிபார்ப்பது அவசியம். அப்படியும் ஒரு செ.மீ. முன்னே பின்னே வரும். கல்யாண விருந்துக்கு மறுநாள் அளந்தால் இன்னும் மோசம். அதனால் ஒரு வாரத்து எண்ணை நம்பாமல் நாலு வாரத்தைச் சேர்த்துப் பார்த்தேன்.

டேப்புக்குத் துணையாக டம்பெல் கணக்கு. நெஞ்சோடு பிடித்து உட்கார்ந்து எழுவதில் 10 கிலோவில் தொடங்கி, நாலாவது மாதம் அதே பத்து முறைக்கு 20 கிலோ வந்தது. இடுப்பு குறைந்து பலமும் கூடினால், போவது பெரும்பாலும் கொழுப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். கூடவே பயிற்சி செய்த நண்பர் இரவு உணவை நிறுத்தி வேகமாக எடை குறைத்தார். ஆனால் இடுப்பு அசையவில்லை, வழக்கமாகத் தூக்கும் டம்பெல்லே அவருக்குக் கனத்தது. தசை கரைகிறது, சாப்பாடு போதவில்லை என்று பயிற்சியாளர் சொன்ன பிறகு முட்டையும் சுண்டலுமாக இரவு உணவு திரும்பியது.

புகைப்படம் மாதம் ஒன்று போதும். அதே சுவர், அதே டியூப்லைட், தொப்புள் உயரத்தில் அலமாரியில் போன். முன்பக்கப் படத்தில் மூன்று மாதம் வரை ஒன்றும் தெரியவில்லை. பக்கவாட்டுப் படத்தில்தான் முதலில் தெரிந்தது.

உடையில் நான் நம்பியது, வயிற்றுப் பட்டன் இழுத்துக்கொண்டு நின்ற ஒரு பழைய காட்டன் சட்டை. நீளும் துணி எல்லாருக்கும் ஒத்துப்போகும். வேட்டியைக் கேட்கவே வேண்டாம்!

நாலு மாத முடிவில் எடை 77, இடுப்பு 92. சட்டைப் பட்டன் இப்போது சுலபமாகப் பூட்டுகிறது, தோள்பட்டையில்தான் கொஞ்சம் பிடிக்கிறது.