கெம்னிட்ஸுக்குப் போகும் கடிதம்

ஆகஸ்ட் 31, 2025, ஞாயிறு

ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் மகளுக்கு டிக்கெட் போட்டாயிற்று. செப்டம்பர் 24 விடியற்காலை, சென்னையிலிருந்து பிராங்பர்ட். அங்கிருந்து ரயிலில் லைப்சிக், லைப்சிக்கில் மாறி கெம்னிட்ஸ். கடைசி ஒரு மணி நேரம் டீசல் வண்டியாம். "ஜெர்மனியிலும் கரண்ட் இல்லாத லைன் இருக்குதுங்கப்பா" என்று சிரிக்கிறாள்.

அந்த ஊர்ப் பெயரைப் பத்துப் பன்னிரண்டு வருடமாகத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் நிட்டிங் யூனிட்டில் இருக்கும் டெரோட் மெஷினின் தகட்டில் அதுதான் இருக்கிறது. நான் 'செம்னிட்ஸ்' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அட்மிஷன் கிடைத்த அன்றைக்குத்தான் 'கெ' என்று திருத்தினாள். நெசவு மெஷின், பின்னல் மெஷின் செய்தே பெரிதான ஊர் அது. 1953 முதல் 1990 வரை அதற்குக் கார்ல் மார்க்ஸ் ஸ்டாட் என்று பெயர். இந்த வருடம் ஐரோப்பாவின் கலாச்சாரத் தலைநகராம். எனக்கு அது தகட்டு ஊர்தான்.

கிளம்பும்போது கையில் ஒரு கடிதம் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு பக்கம் எழுதிப் படித்துப் பார்த்தால் கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்தவர் பேச்சு மாதிரி இருந்தது. கிழித்துவிட்டேன்.

செப்டம்பர் 6, சனி

புத்தி சொல்வதை விட்டுவிட்டு, எனக்குத் தெரிந்ததை எழுதலாம் என்று முடிவு செய்தேன். எனக்குத் தெரிந்தது கணக்கு.

விசாவுக்கு முன்னாலேயே பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ போட வேண்டியிருந்தது. ஒரு வருடச் செலவுக்கு அவளிடம் பணம் இருக்கிறது என்பதற்கு அதுதான் ஆதாரம். மே மாதம் வங்கி யூரோவுக்கு 98 ரூபாய் போட்டது. 11,66,592 ரூபாய், கமிஷன் தனி. பணம் அவள் பெயரில் இருந்தாலும் மொத்தமாக எடுக்க முடியாது. மாதம் 992 யூரோதான் வரும். சும்மா 12-ஆல் வகுத்தது.

எல்லோரும் 11,904-ஐப் பற்றியே பேசுகிறார்கள். முதல் மாதத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இவளுடைய கணக்கை வைத்திருக்கும் நிறுவனம், அங்கே ஒரு வங்கிக் கணக்கு திறந்து, குடியிருப்புப் பதிவுச் சீட்டும் காட்டினால்தான் முதல் 992-ஐ விடும். அந்தப் பதிவுக்குப் பெயர் அன்மெல்டுங். வீடு புகுந்து இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்பது சட்டம், ஆனால் அலுவலகத்தில் அவ்வளவு சீக்கிரம் நேரம் கிடைப்பது அதிர்ஷ்டம். பதிவுக்கு, இவள் இங்கே குடியிருக்கிறாள் என்று வீடு கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். ஒன்று தள்ளினால் அடுத்ததும் தள்ளும். போன வருடம் போன ஒரு பையன் ஏழு வாரம் அறைத்தோழனிடம் கடன் வாங்கிச் சாப்பிட்டானாம். கணக்கில் பன்னிரண்டு லட்சம் கிடக்கிறது, கையில் ரொட்டிக்குக் காசில்லை.

அதனால் முதல் நாற்பது நாளுக்குத் தனிப் பட்டியல் போட்டேன். விடுதி அறைக்கு முன்பணம் 500, அக்டோபர் வாடகை 290, மாணவர் மருத்துவக் காப்பீடு 145 பக்கம், சாப்பாடு 250, தலையணை போர்வை பாத்திரம் 120. கூட்டினால் 1,305 யூரோ. ரயிலுக்கும் கைத்தவறுதலுக்கும் சேர்த்து 1,500. இதில் 500 நோட்டாக, 1,000 கார்டில்.

செப்டம்பர் 13, சனி

பெட்டி கட்டும் படலம். அரைக்கிலோ நெய்யை வீட்டுக்காரம்மா ஏழு சுற்றுக் கவரில் சுற்றி வைத்திருந்தாள். ஐரோப்பாவுக்குள் வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா எல்லாம் அதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலைக்குச் சான்றிதழ் வேண்டும் என்றதும், "தழைக்குச் சர்ட்டிபிகேட்டா?" என்று என்னை முறைத்தாள், நான்தான் சட்டம் போட்ட மாதிரி. மொட்டை மாடியில் காயவைத்துப் பொடியாக்கிவிட்டாள். நெய்யை நாங்களே சாப்பிடுகிறோம்.

செப்டம்பர் 17, புதன்

இதை எழுதுவதா வேண்டாமா என்று நான்கு நாளாக யோசனை.

ஆகஸ்ட் 27-லிருந்து அமெரிக்கா நம் சரக்குக்கு மொத்தம் 50 சதவீதம் கூடுதல் வரி போடுகிறது. எங்களுடையது ஜாப் ஒர்க். நூலை ஏற்றுமதிக் கம்பெனி கொடுக்கும், நாங்கள் துணி ஓட்டிக் கிலோவுக்குக் கூலி வாங்குகிறோம். அவர்கள் ஆர்டரை நிறுத்தி வைத்தால் எங்களுக்கு அன்றைக்கே தெரிந்துவிடும், நூல் வண்டி வராது. ஆறு மெஷினில் இன்றைக்கு நான்கு ஓடுகிறது.

பிளாக்டு அக்கவுண்டில் போட்டது கல்விக் கடனின் முதல் பகுதி. கடன் அவள் பெயரில், நான் கூட்டுக் கடன்தாரர், வீட்டுப் பத்திரம் வங்கியில். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி முதல் நாளிலிருந்து ஓடும். 10 சதவீதம் என்று வைத்தால் மாதம் 9,700 ரூபாய் சொச்சம். அதை இப்போதே கட்டிவந்தால் எங்கள் வங்கி வட்டியில் ஒரு சதவீதம் குறைக்கும். கட்டாவிட்டால் அசலோடு சேர்ந்து அவள் தலையில் உட்காரும்.

"பொண்ணுகிட்டச் சொல்லாதீங்க, போற இடத்துல மனசு ஒடஞ்சிரும்" என்கிறார் மச்சான். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் சொல்லாமல் விட்டால், அடுத்த வருடம் திடீரென்று சொல்ல வேண்டி வரும். அது இதைவிட மோசம்.

செப்டம்பர் 21, ஞாயிறு, மகாளய அமாவாசை

காலையில் அப்பாவுக்குத் திதி கொடுத்துவிட்டு வந்து ஒரே மூச்சில் எழுதினேன். இங்கே அப்படியே நகல் எடுத்து வைக்கிறேன்.

"அம்மிணி,

இதை விமானத்தில் படிக்காதே. அறைக்குப் போய்க் கை கால் கழுவிவிட்டுப் படி.

உன் கையில் 1,500 யூரோ இருக்கிறது. முதல் 992 வரும் வரைக்கும் அதுதான் உன் ஊர், உன் வீடு. முதல் வாரத்திலேயே வீட்டுத் தாளில் கையெழுத்து வாங்கிப் பதிவுக்கு நேரம் கேட்டுவிடு. தள்ளிப்போனால், நேரம் கேட்டதற்கான மெயிலை வைத்துக்கொள். கையில் 400-க்குக் கீழே வந்தால் அன்றைக்கே எனக்குச் சொல். 40 ஆனபிறகு சொன்னால், பணம் இங்கிருந்து வந்து சேர நாலைந்து நாள் ஆகும், நீ பட்டினி கிடக்க வேண்டும்.

மாதச் செலவில் வாடகையும் காப்பீடும் போனால் உனக்கு 557 மிஞ்சும். டிவி இல்லாவிட்டாலும் ஒளிபரப்புக் கட்டணம் என்று வீட்டுக்கு மாதம் 18.36 கேட்டுக் கடிதம் வரும். ஏமாற்று என்று நினைத்துத் தூக்கிப் போடாதே, அது நிஜம். பங்கு போட ஆள் இருந்தால் போட்டுக்கொள். மீதியில் நன்றாகச் சாப்பிடு. மிச்சம் பிடித்து எனக்கு அனுப்பாதே.

வருடத்துக்கு 140 முழு நாளோ 280 அரை நாளோ வேலை செய்ய விசா விடுகிறது. முதல் செமஸ்டரில் அந்தப் பக்கம் போகாதே. பாடம் புரிகிறதா என்று முதலில் பார். இரண்டாம் செமஸ்டரில் லேபில் வேலை கிடைத்தால் பார், கிடங்கில் இரவு வேலை வேண்டாம். இதில் மட்டும் நான் சொல்வதைக் கேள்.

இப்போது கஷ்டமான விஷயம். இங்கே ஆறு மெஷினில் நான்குதான் ஓடுகிறது. வட்டி மாதா மாதம் நான் கட்டுகிறேன், அது என் பாடு. ஆனால் அடுத்த வருடம் நீ அங்கே தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும்போது, இதே மாதிரி ஒரு வருடப் பணத்தைத் திரும்பவும் காட்ட வேண்டும். கடனின் இரண்டாம் பகுதி அதற்குத்தான். யூரோ ஒரு ரூபாய் ஏறினால் நமக்கு 11,904 ரூபாய் கூடும். மே மாதத்துக்கு இப்போது ஆறு ரூபாய் ஏறியிருக்கிறது, அதாவது 71,424. அதற்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது, நான் பார்த்துக்கொள்வேன். நீ பயப்பட வேண்டும் என்று சொல்லவில்லை. தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

நான் உன்னிடம் மெஷின் கணக்கை மறைக்க மாட்டேன். நீ என்னிடம் மார்க்கை மறைக்காதே. ஒரு பாடத்தில் தவறினால் வீட்டைத் தூக்கிக்கொண்டு யாரும் ஓடிவிடப் போவதில்லை.

ராத்திரி எந்நேரம் என்றாலும் கூப்பிடு. இப்போது நமக்குள் மூன்றரை மணி நேரம். அக்டோபர் 26-லிருந்து நாலரை. உனக்குப் பத்து மணி என்றால் எனக்கு விடியற்காலை இரண்டரை. நைட் ஷிப்ட் பார்த்தவனுக்கு அது ஒரு நேரமே இல்லை.

அப்பா"

மெஷினில் ஒரு ஊசி உடைந்தால் துணி முழுக்கக் கோடு விழும், அது மாதிரித்தான் என்று ஒரு உவமை எழுதி அடித்துவிட்டேன். 2,260 ஊசிக்கு நடுவில் வளர்ந்தவளிடம் போய் ஊசிக் கதையா.

செப்டம்பர் 24, புதன்

விட்டுவிட்டு வந்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடைசியாக ஒருமுறை திரும்பி, சட்டைப்பையைத் தட்டிக் காட்டினாள். கடிதம் அங்கே இருக்கிறதாம். ஊர் திரும்பும் வழியில் வீட்டுக்காரம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, சேலத்தில் டீ குடிக்கும்போது மட்டும் "நெய்யைக் குடுத்து விட்டிருக்கலாம்" என்றாள்.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

ஆறு மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். டெரோட் தகட்டுக்கு எப்போதும் அவள்தான் வைப்பாள். வீடியோ காலில் காட்டினேன். பதிவுக்கு அக்டோபர் 13 நேரம் கொடுத்திருக்கிறார்களாம். மெயிலை எடுத்து வைத்திருக்கிறாள். அறை முன்பணம் நான் போட்ட 500 இல்லை, 580. அந்த 80 எந்தக் கணக்கில் வரும் என்று அவளே சாப்பாட்டில் கழித்துவிட்டாள். எனக்கு அது பிடிக்கவில்லை, சொல்லவில்லை.

கடிதத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 22, புதன்

விடியற்காலை ஒன்றே முக்காலுக்குப் போன். பதறி எடுத்தேன். 992 வந்துவிட்டதாம், கையில் 310 மீதி இருக்கிறதாம். 400-க்குக் கீழே வந்தபோது ஏன் சொல்லவில்லை என்றேன். "ரெண்டு நாள்ல வந்துரும்னு தெரியும்ங்கப்பா." தெரிந்தாலும் சொல்லியிருக்க வேண்டும் என்று கொஞ்சம் சத்தம் போட்டேன்.

அப்புறம் கேட்டாள்: "இன்னைக்கு எத்தனை ஓடுதுங்க?"

தீபாவளி முடிந்து இன்னும் ஆட்கள் பாதிப்பேர் திரும்பவில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அதுவும் உண்மைதான்.

"மூணு" என்றேன்.

"சரிங்கப்பா, தூங்குங்க."

தூக்கம் வரவில்லை. யூனிட்டுக்குப் போய் லைட் போட்டேன். நைட் ஆபரேட்டர் என்னைப் பார்த்து, "என்னங்கண்ணா இந்நேரத்துக்கு?" என்றான். நூல் கோன் பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டு, அவனோடு சேர்ந்து நான்காவது மெஷினுக்கு ஊசி மாற்றிக்கொண்டிருந்தேன்.