வாரக் காய்கறிக் கூடைக்குத் தொலைபேசி உரை எழுதிய அனுபவம்

பெரியபாளையம் பக்கம் இயற்கை முறையில் பயிரிடும் ஐந்து குடும்பங்களிடமிருந்து காய்கறி வாங்கி, பெரம்பூர், வியாசர்பாடி, மாதவரம் பகுதிகளில் வாரம் ஒருமுறை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் சிறிய குழு எங்களுடையது. விசாரித்து வரும் அழைப்புகளை எங்கள் குழுவில் இரண்டு பெண்கள் எடுக்கிறார்கள். ஒருவர் சொன்னதற்கு மாறாக மற்றவர் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, காய் எங்கிருந்து வருகிறது, விலை ஏன் இவ்வளவு, எப்படிச் சேர்வது என்ற மூன்றையும் ஒன்றரை நிமிடத்தில் சொல்லி முடிக்கும் ஓர் உரையை எழுத வேண்டியிருந்தது. எங்களுக்குள் அதை ஸ்கிரிப்ட் என்றே சொல்லிக்கொள்கிறோம்.

முதல் பகுதியில் எந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம் என்பதை முடிவு செய்வதற்கே அதிக நேரம் பிடித்தது. எங்கள் விவசாயிகள், இயற்கை விவசாயத்துக்குச் சான்று தரும் மத்திய அரசின் பி.ஜி.எஸ். இந்தியா திட்டத்தில் ஒரு குழுவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். இத்திட்டத்தில் வெளியிலிருந்து ஆய்வாளர் வருவதற்குப் பதிலாக, குழுவில் இருப்பவர்களே ஒருவர் நிலத்தை மற்றவர் பார்த்து உறுதி செய்கிறார்கள். ரசாயன உரத்தையும் பூச்சிக்கொல்லியையும் விட்டு மாறிக்கொண்டிருக்கும் நிலத்துக்கு ‘கிரீன்’ என்றும், மாற்றக் காலம் முழுமையாக முடிந்த நிலத்துக்கு ‘ஆர்கானிக்’ என்றும் இருவகைச் சான்று உண்டு. எங்கள் ஐந்து நிலங்களில் மூன்று இரண்டாம் வகை, இரண்டு இன்னும் முதல் வகை. ஐந்தின் காய்களும் ஒரே கூடையில் கலந்து வரும்போது, முழுக் கூடையையும் ஆர்கானிக் என்று ஒரே சொல்லில் விற்பது சரியில்லை என்பது என் கருத்து. ஆகவே உரையில் இப்படி எழுதினோம்: “அக்கா, அஞ்சு விவசாயிங்க கிட்ட இருந்து வாங்குறோம். மூணு பேர் நிலத்துக்கு முழுச் சான்று இருக்கு, ரெண்டு பேர் நிலம் மாறிட்டு இருக்கு. எந்தக் காய் யார் நிலத்துதுன்னு பையில சீட்டு இருக்கும்.” இந்த மூன்று வரிகளுக்குப் பிறகு சான்றைப் பற்றி மேலும் கேட்பவர்கள் மிகக் குறைவு, கேட்பவர்களுக்குச் சான்றின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறோம்.

இந்தக் காயைச் சாப்பிட்டால் சர்க்கரை குறையும், புற்றுநோய் வராது என்பது போன்ற வாக்குறுதி எதுவும் உரையில் இல்லை. நோயைத் தீர்க்கும் என்று சொல்லி உணவுப் பொருளை விற்பதை உணவுப் பாதுகாப்பு விதிகள் தடுக்கின்றன என்பது ஒரு காரணம். அப்படிச் சொல்லிச் சேர்ப்பவர் இரண்டே மாதத்தில் கணக்குக் கேட்பார் என்பது இன்னொரு காரணம். அதற்குப் பதிலாக, எது வராது என்பதை முன்பாகவே சொல்லிவிடுகிறோம். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு மூன்றும் பெரும்பாலும் மலைப்பகுதியிலிருந்தும் வெளிமாநிலத்திலிருந்தும் வருபவை; எங்கள் விவசாயிகள் அவற்றைப் பயிரிடுவதில்லை. கூடையில் இருப்பவை கத்தரி, வெண்டை, கொத்தவரை, புடலை, பீர்க்கு, சுரை, முள்ளங்கி, முருங்கை, கீரை போன்ற நாட்டுக் காய்கள்தாம். குழந்தை கேரட்டும் பீன்ஸும் மட்டுமே சாப்பிடும் வீட்டுக்கு இந்தக் கூடை உதவாது என்பதை அழைப்பிலேயே தெரிந்துகொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

விலைப் பகுதிதான் உரையின் நடுநாயகம். ஒரு கூடையில் ஏறத்தாழ 4 கிலோ காயும் இரண்டு கட்டுக் கீரையும் இருக்கும். விலை 400 ரூபாய். இதைக் கேட்டவுடன், “மார்க்கெட்ல இதுல பாதி விலைக்கு வாங்கிடலாமே” என்பதுதான் பெரும்பாலும் வரும் பதில். தரம், சத்து என்று வாதாடுவதைவிட, பணம் எங்கே போகிறது என்று காட்டிவிடுவது எளிது. 400 ரூபாயில் 220 விவசாயிக்குப் போகிறது. பெரியபாளையத்திலிருந்து ஜனப்பன்சத்திரம் வந்து, ஜி.என்.டி. சாலை வழியாகச் செங்குன்றம் கடந்து நகருக்குள் வரும் சிறிய சரக்கு வண்டிக்கு ஒரு நடைக்கு 2,400 ரூபாய். 60 கூடை ஏற்றினால் கூடைக்கு 40 ரூபாய். வண்டி நுழைய முடியாத சந்துகளுக்கு இருசக்கர வாகனத்தில் கொண்டுபோய்க் கொடுப்பவருக்குக் கூடைக்கு 45. தரம் பிரித்து, எடை போட்டுக் கட்டுவதற்கு 30. புழு துளைத்த கத்தரியும் முற்றிய வெண்டையும் கழிவாகப் போவதற்கு 24. மீதி 41 ரூபாயில்தான் தொலைபேசி, எங்கள் சம்பளம், திரும்ப வராத துணிப்பை எல்லாம் அடங்க வேண்டும்.

இவ்வளவையும் அழைப்பில் ஒப்பிக்க முடியாது என்பதால், “நீங்க குடுக்குற 400ல 220 விவசாயிக்கு, 85 வண்டிக்கும் வீட்டுக்குக் கொண்டுவர்றதுக்கும்” என்ற ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டோம். இதே கணக்குதான் எத்தனை பேர் சேர வேண்டும் என்பதையும் எங்களுக்குச் சொல்கிறது: கூடை 40 ஆகக் குறைந்தால் வண்டிச் செலவு மட்டும் கூடைக்கு 60 ஆகி, மீதி 41 ரூபாய் 21 ஆகச் சுருங்கிவிடும். அதனால் புதிய தெருவில் எட்டு வீடாவது சேரும் வரை விநியோகம் தொடங்குவதில்லை என்பதையும் உரையில் சேர்த்திருக்கிறோம்.

விலையை மூன்று மாதத்துக்கு ஒரே அளவில் வைத்திருப்பதற்கும் விளக்கம் தேவைப்பட்டது. சந்தையில் விலை சரியும்போது வாடிக்கையாளருக்கு வருத்தம். ஏறும்போது விவசாயிக்கு, காயை வெளியே விற்றுவிடலாமே என்ற நினைப்பு. இரண்டாவதைத் தடுக்க, ஏதாவது ஒரு காயின் சந்தை விலை நாங்கள் கொடுப்பதைத் தாண்டினால், அந்த வாரம் விவசாயிக்குக் கூடுதல் தொகை கொடுத்து, அந்தக் காயின் எடையைக் கூடையில் குறைத்துக்கொள்கிறோம். எடை குறைவதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் அதுவே புகாராக வரும் என்பதால், “காயும் எடையும் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் மாறும், விலை மாறாது” என்று உரையிலேயே சொல்லிவிடுகிறோம்.

விநியோக நாளாகச் செவ்வாய்க்கிழமை காலையைத் தேர்ந்தெடுத்ததற்கு வடசென்னை அடுப்படிதான் காரணம். ஞாயிற்றுக்கிழமை பல வீடுகளில் காசிமேட்டு மீன் அல்லது கறி. சனிக்கிழமை கூடை கொடுத்தால் கீரை திங்கட்கிழமை வரை வாடிக்கொண்டிருக்கும். திங்கள் பிற்பகல் பறித்து, செவ்வாய் விடியலில் வண்டி கிளம்பினால், கீரை அன்றைக்கே சமையலாகிவிடுகிறது. புரட்டாசியில் மட்டும் நிலைமை வேறு. அந்த மாதம் சேர விரும்புகிறவர்கள் திடீரெனப் பெருகி, ஐப்பசி பிறந்ததும் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். அவர்களை நம்பிக் கூடுதல் நிலத்தில் விதைக்கச் சொல்வதில்லை.

சேரும் முறையை மாதச் சந்தா என்று வைக்காமல் நான்கு கூடைச் சந்தா என்று வைத்தோம். சில மாதங்களில் ஐந்து செவ்வாய் வரும். அந்த ஐந்தாவது கூடைக்குத் தனியாகப் பணம் கேட்டால் சண்டை வரும், கேட்காவிட்டால் நட்டம். இப்போது 1,600 ரூபாய் கட்டினால் நான்கு கூடை, அவை எத்தனை நாளில் முடிந்தாலும் சரி. ஊருக்குப் போகிறவர் ஞாயிறு மாலை 6 மணிக்குள் வாட்ஸ்அப்பில் “இந்த வாரம் வேண்டாம்” என்று அனுப்பினால் அந்தக் கூடை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும். 6 மணிக்குப் பிறகு விவசாயிகளுக்குப் பறிப்புக் கணக்குப் போய்விடும் என்பதால் அதன் பின் நிறுத்த இயலாது. காரணத்தோடு சொன்னால் இந்த நேரக் கட்டுப்பாட்டை யாரும் மறுப்பதில்லை.

யு.பி.ஐ. ஆட்டோபே வசதியையும் வைத்திருக்கிறோம். ஆனால் உரையில் அதை முன்னிறுத்தவில்லை. பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வரும் என்றாலும், “தானாகப் பிடிக்கும்” என்ற சொல்லைக் கேட்டதும் பலர் தயங்குகிறார்கள். க்யூ.ஆர். படத்துக்கு ஒருமுறை அனுப்பும் முறையை முதலில் சொல்கிறோம். இரண்டாவது சந்தாவுக்கு வரும்போது அவர்களே ஆட்டோபே கேட்பதுண்டு.

வடகிழக்குப் பருவமழைக்கான வரி ஒன்றும் உரையில் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கனமழை பெய்தால் முதலில் அழுகுவது கீரை. சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வியாசர்பாடிக்கு வண்டி வருவதும் தடைபடும். அப்படிப்பட்ட வாரத்தில் கூடை வராது, பணமும் கழியாது, அடுத்த செவ்வாய்க்குத் தள்ளிப்போகும் என்று சேரும்போதே சொல்லிவிடுகிறோம். கடைசியாக, அழைப்பை வைப்பதற்கு முன், முகவரியோடு மாடி எண்ணையும், காலை 7 மணிக்கு வீட்டில் யார் இருப்பார்கள் என்பதையும் கேட்டு, எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும் என்பது அழைப்பெடுப்பவருக்கான குறிப்பு.