டைட்டாக இருந்த நியூட்ரல்

நான் போனபோது அந்த ஜெராக்ஸ் கடையில் ஆர்சிசிபி ஏற்கெனவே இரண்டு முறை மாற்றப்பட்டிருந்தது. கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் தானே விழுந்து சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச் அது. பேச்சு வழக்கில் இன்னும் இஎல்சிபி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் வகை. ஒரு நாளில் நான்கைந்து தடவை விழும். சில நாள் விழவே விழாது. எனக்கு முன்னால் வந்த எலெக்ட்ரீஷியன் போகும்போது, "இதைக் கழற்றிவிட்டு நேரே கொடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது" என்று சொல்லியிருந்தார். கடைக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. பயத்தாலா, புது ஆர்சிசிபிக்குக் கொடுத்த பணம் வீணாகிவிடுமே என்பதாலா தெரியாது. எப்படியோ, நல்ல காரியம் செய்தார்.

கட்டடம் சிறியது. கீழே ஜெராக்ஸ் கடையும் துணிக்கடையும், மேலே தையலும் இஸ்திரியும் சேர்ந்த ஒரு கடை. மூன்று பேஸ் சப்ளை வந்து, கடைக்கு ஒரு பேஸ் என்று பிரிந்திருந்தது. மாடிப்படிக்கு அடியில் மெயின் சுவிட்ச், அதற்குப் பக்கத்தில் நியூட்ரல் லிங்க். மூன்று கடைகளின் நியூட்ரலும் அங்கேதான் ஒன்று சேர்கின்றன. ஆர்சிசிபி கடைக்கு ஒன்று. விழுந்தது ஒன்றே ஒன்று.

முதல் நாள் வழக்கமான வேலைகளைச் செய்தேன். கம்ப்யூட்டர், மெஷின் எல்லாவற்றின் பிளக்கையும் உருவிவிட்டு, ஒயரின் மேலுறை எங்காவது கசிகிறதா என்று மெகர் போட்டேன். ஒயரிங் 50 மெகா ஓமுக்கு மேல் காட்டியது. லோடைக் கழற்றிவிட்டு ஆர்சிசிபியை டெஸ்டரில் வைத்துக் கசிவை மெல்ல ஏற்றினால் 22 மில்லி ஆம்பியரில் விழுந்தது. 30 என்று போட்டிருப்பது 15க்கும் 30க்கும் நடுவில் விழ வேண்டும், ஆக அதிலும் குறையில்லை. அப்புறம் எல்லாவற்றையும் ஓடவிட்டு, பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து லீக்கேஜ் கிளாம்புக்குள் பிடித்தேன். 9 மில்லி ஆம்பியர். பழுது என்று சொல்ல முடியாத கசிவு அது. கம்ப்யூட்டர், பிரிண்டர், எல்இடி டிரைவர் எல்லாவற்றிலும் இரைச்சலை வடிகட்ட எர்த்துக்கு ஒரு சின்ன கெபாசிட்டர் இருக்கும். ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்ந்த கணக்கு. இருந்தாலும் 22க்கு 9 போனால் மிச்சம் 13தான்.

இந்த இடத்தில்தான் நான் சறுக்கினேன். ஜெராக்ஸ் மெஷினை நிறுத்தினால் 9 என்பது 6 ஆகக் குறைந்தது. சரி, சூடாகும்போது அதன் ஹீட்டர்தான் கசிகிறது என்று முடிவு கட்டி, மெஷின் மெக்கானிக்கை வரவழைத்துப் பார்க்கச் சொன்னேன். மெஷினை நிறுத்தி வைத்த இரண்டு நாளும் ஒரு தடவைகூட டிரிப் ஆகவில்லை. கண்டுபிடித்துவிட்டதாகவே நினைத்தேன். மூன்றாம் நாள் காலையில் போன் வந்தது: "மெஷின் இங்கே பிரித்துப்போட்டபடி கிடக்கிறது, இஎல்சிபி விழுந்துவிட்டது."

அந்த இரண்டு நாளும் மேலே தையல் கடை பூட்டியிருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை.

அன்று மாலை மீட்டர் எதையும் எடுக்காமல் கடையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். கால் மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு தலைக்கு மேலே மின்விசிறியின் உறுமல் லேசாகச் சுருதி மாறியது. சாமி படத்துக்கு மேலிருந்த ஜீரோ வாட் பல்பு, பழைய இழை பல்பு, அதே நேரத்தில் கொஞ்சம் கூடுதலாக எரிந்துவிட்டு அடங்கியது. கவனித்துப் பார்க்காவிட்டால் தெரியாது. லோடு ஏறும்போது விளக்கு மங்குவது எங்கும் உள்ளதுதான். இங்கே யாரும் எதையும் போடாமலே பிரகாசமாகிறது. என்னோடு வேலைக்கு வரும் பையனை மேலே அனுப்பிக் கேட்டேன். "அண்ணே, இப்பதான் ரெண்டாவது அயர்ன் பாக்ஸ் போட்டாங்க. மேலே லைட்டு டிம்மாச்சு" என்று படியிலிருந்தே குரல் கொடுத்தான்.

ஒரு பேஸில் மங்கி இன்னொரு பேஸில் பிரகாசமானால் நியூட்ரலைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மூன்று பேர் மூன்று திசையில் கயிற்றை இழுக்கிறார்கள், கயிறுகள் சேரும் முடிச்சை ஒரு முளையில் கட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முளை உறுதியாக இருக்கும்வரை யார் எவ்வளவு இழுத்தாலும் முடிச்சு நகராது. முளை ஆடினால், பலமாக இழுப்பவன் பக்கம் முடிச்சு சாயும். அவன் கயிறு குட்டையாகும், மற்ற இருவரின் கயிறும் நீளும். கயிற்றின் நீளம்தான் வோல்டேஜ், அந்த முளைதான் நியூட்ரல். முளை முழுதாகப் பிடுங்கிக்கொண்டால், லோடு குறைவாக உள்ள கடைக்கு 300 வோல்ட்டுக்கு மேலும் போகலாம். அப்போது எரிவது பல்போடு நிற்காது.

மெயின் சுவிட்சில் மீட்டரை மினிமம்–மேக்ஸிமம் பதிவில் வைத்துவிட்டு, அயர்ன் பாக்ஸ் இரண்டையும் போடச் சொன்னேன். பேஸுக்கும் பேஸுக்கும் நடுவே 410 வோல்ட், ஆடவே இல்லை. சுவிட்சிலிருந்து வெளியேறும் நியூட்ரலை வைத்து அளந்தாலும் மூன்று பேஸும் ஒழுங்காகவே இருந்தன. கடைகளுக்குப் போகும் நியூட்ரல் லிங்கில் முள்ளை வைத்ததும் கதை மாறியது. தையல் கடையின் பேஸ் ஒரு கணம் 198 வரை இறங்கியிருந்தது. ஜெராக்ஸ் கடையின் பேஸ் 261 வரை ஏறியிருந்தது. சப்ளை சரி, மெயின் சுவிட்சும் சரி. சுவிட்சுக்கும் லிங்குக்கும் நடுவிலுள்ள ஒன்றரை அடி ஒயரில்தான் கோளாறு. அந்த ஒன்றரை அடியின் இரு முனையையும் நேராக அளந்தேன். நல்ல இணைப்பு என்றால் மில்லி வோல்ட்டில் நிற்க வேண்டும். இங்கே சாதாரண நேரத்திலேயே 6 வோல்ட், நான்குக்கும் ஒன்பதுக்கும் இடையே துள்ளிக்கொண்டிருந்தது. நியூட்ரலில் ஓடிய கரண்ட் 9 ஆம்பியர். ஆறையும் ஒன்பதையும் பெருக்கினால் 54 வாட். ஒரு சால்டரிங் அயர்னின் சூடு, மரப்படிக்கட்டுக்குக் கீழே, மூடிய பெட்டிக்குள். கரண்ட் அளவு மீறினால் விழும் எந்த எம்சிபிக்கும் இது தெரியாது. லூஸ் இணைப்பால் கரண்ட் கூடுவதில்லையே.

மெயினை அணைத்தேன், மூன்று கடைகளையும் தனித்தனியாகவும் அணைத்தேன். லோடு ஓடும்போது நியூட்ரலைக் கழற்றினால், சற்றுமுன் சொன்ன முளையை நம் கையாலேயே பிடுங்கியது போலாகும். லிங்க் மூடியைத் திறந்ததும் கருகிய பிவிசி வாசனை. பையனின் முகம் சுருங்கியது. முதல் நாளே, மெயினை அணைத்துவிட்டு இந்தப் பெட்டியின் ஸ்க்ரூ எல்லாவற்றையும் அவனைத்தான் பார்க்கச் சொல்லியிருந்தேன். "எல்லாம் டைட்டாத்தான் இருந்துச்சுண்ணே" என்றான். ஸ்க்ரூ டிரைவரை வாங்கி நானும் திருகிப் பார்த்தேன். அசையவில்லை. அவன் சொன்னது பொய்யில்லை.

ஸ்க்ரூவைக் கழற்றி ஒயரை வெளியே இழுத்த பிறகுதான் விஷயம் புரிந்தது. 16 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர், நுனியில் அரை அங்குலம்கூட சீவவில்லை. ஸ்க்ரூவின் முனை பாதி செம்பிலும் பாதி மேலுறையிலும் உட்கார்ந்திருந்தது. திருகும்போது அழுத்தம் வாங்கியது பிவிசி. கைக்கு டைட்டாகத் தெரிந்தது. செம்பைத் தொட்டது ஓரமாக நான்கைந்து இழை. நாளாக நாளாக அந்த இழைகள் சூடாகி, மேலுறை இளகி, அழுத்தம் இன்னும் குறைந்திருக்கிறது. ஒருபக்க இழைகள் கறுத்து, ஸ்க்ரூவின் நுனி நீலம் பாய்ந்திருந்தது. ஒரு வருடத்துக்கு முன் மீட்டர் போர்டை இடம் மாற்றினார்களாம். இந்த முனை அப்போது போட்டதுதான்.

ஜெராக்ஸ் கடையின் ஆர்சிசிபி ஏன் விழுந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் லூஸ் நியூட்ரல் நேரடியாக ஆர்சிசிபியை விழவைப்பதில்லை. போன கரண்ட் அப்படியே திரும்பி வந்தால் அதற்குக் கணக்கு சரி. ஆனால் அந்த நான்கைந்து இழைகள் பொறி பறக்க விட்டு விட்டுத் தொடும்போது, வோல்டேஜ் ஏறி இறங்குவது செங்குத்தான படிகளாக வருகிறது. வேகமான மாற்றத்தை கெபாசிட்டர் எளிதில் கடத்திவிடும். கம்ப்யூட்டர்களின் எர்த் கெபாசிட்டர்கள் எல்லாம் சேர்ந்து ஒரே நொடியில் எர்த்துக்கு ஒரு துடிப்பைத் தள்ள, மிச்சமிருந்த 13 மில்லி ஆம்பியர் அதற்குப் போதவில்லை. துணிக்கடையிலும் அதே ஆட்டம்தான், ஆனால் எர்த்துக்குக் கசிய அங்கே எலெக்ட்ரானிக் சாமான்கள் குறைவு. என் கணிப்பு இதுதான். துடிப்பைக் கண்ணால் பார்க்க என்னிடம் ஆஸிலோஸ்கோப் இல்லை. உடனே விழாத, தாமத வகை ஆர்சிசிபி ஒன்றை முதல் நாளே போட்டிருந்தால் டிரிப் நின்றிருக்கலாம். 54 வாட் மட்டும் நின்றிருக்காது.

கருகிய பகுதியை வெட்டி, பளபளப்பான செம்பு வரும்வரை பின்னால் போனேன். ஒயரில் கொஞ்சம் கூடுதல் நீளம் இருந்ததால் தப்பித்தேன். லக் போட்டு கிரிம்ப் செய்து, லிங்கையே மாற்றி, முடுக்கிய பிறகு ஒயரைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். பையனையும் இழுக்கச் சொன்னேன். மற்ற முனைகளையும் கழற்றி, சீவிய நீளத்தைப் பார்த்து மாட்டினோம். இன்னொன்றிலும் உறை உள்ளே போயிருந்தது, கருக ஆரம்பிக்கவில்லை. சப்ளை கொடுத்து, இரண்டு அயர்ன் பாக்ஸும் ஓட, அதே ஒன்றரை அடியை அளந்தேன். 18 மில்லி வோல்ட்.

மெக்கானிக்குக்குப் போன் செய்து, மெஷினில் ஒன்றுமில்லை, திரும்பப் பூட்டிவிடுங்கள் என்றேன். அவர் இரண்டு நொடி பேசவில்லை. அந்த ஹீட்டரைக் கழற்ற அவருக்கு ஒரு மதியம் போயிருந்தது.

கிளம்பும்போது துணிக்கடைக்காரர் கூப்பிட்டு, மேசைக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்துக் காட்டினார். உள்ளே எரிந்துபோன எல்இடி பல்புகள், இருபதுக்குக் குறையாது. "இதுவும் அதனாலதானா தம்பி? மாசத்துக்கு ரெண்டு போயிட்டே இருக்கு."

"அதனாலதாங்க. முதல் நாளே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க அந்தக் கடைக்குத்தானே வந்தீங்க."