தொழிற்சாலை வாசலுக்கு ஒரு வருகைப் பதிவேடு

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் வாசலில் வைப்பதற்காக வருகைப் பதிவேட்டுத் தாள் தயாரித்தோம். ஏ4 தாள், குறுக்குவாட்டில். அகலம் 297 மில்லிமீற்றர். புத்தகம் கட்ட இடது பக்கம் 25, வலது பக்கம் 12 விட்டதும் அட்டவணைக்கு 260 மிஞ்சியது.

நிரல்களின் அகலத்தைத் தலைப்பைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, எழுதப்போகும் கையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். புதிய அடையாள அட்டை இலக்கத்தில் 12 இலக்கங்கள். நின்றபடி எழுதுபவருக்கு ஓர் இலக்கத்துக்கு நாலரை மில்லிமீற்றர் வேண்டும், ஆகவே 54. தனித்தனிப் பெட்டி போடவில்லை. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும்தான், மிச்சப் பெட்டிகளில் என்ன எழுதுவதென்று ஆட்கள் தடுமாறுவார்கள். பெயருக்கு 60, வந்த நோக்கத்துக்கு 42, கையொப்பத்துக்கு 30, திகதிக்கு 24, இரண்டு நேரங்களுக்கும் தலா 20, வரிசை இலக்கத்துக்கு 10. கூட்டினால் 260.

அதிகம் யோசித்தது போன நேரத்தை எங்கே வைப்பது என்றுதான். வழக்கமாக வந்த நேரத்துக்குப் பக்கத்திலேயே போடுவார்கள். அப்படியிருந்தால் உள்ளே வரும்போதே ஒரு உத்தேச நேரத்தை எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. சிலர் வெறுமையாகவே விட்டுவிடுவார்கள், அதுவும் கண்ணில் படாது. கையொப்பத்துக்கு அப்பால், வலது ஓரத்தில் கடைசி நிரலாக வைத்தோம். கையொப்பத்தோடு வருபவரின் வேலை முடிகிறது. காவலாளி ஓரத்தை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தால் போதும், யார் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

உயரம் 210. மேலும் கீழும் 15 விட்டால் 180. தாளின் தலைப்புக்கு 10, சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று வரியில் வரும் நிரல் தலைப்புக்கு 16. மிச்சம் 154, அதாவது 11 மில்லிமீற்றர் வீதம் 14 வரிசை. கொப்பி வரியளவுக்கு ஒடுக்கினால் கையொப்பம் அடுத்தவரின் பெயர்மேல் ஏறிவிடும்.

வேர்டில் வரிசை உயரத்தை `At least` என்று விட்டால் தலைப்பு வரிசை தானாக வளர்ந்து, பதினாலாவது வரிசை அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். `Exactly` என்று மாற்றுங்கள். அப்படியும் வெற்றுத் தாள் ஒன்று வந்தால், அட்டவணைக்குக் கீழே அழிக்க முடியாமல் நிற்கும் வெறும் பந்திதான் காரணம். அதன் எழுத்தளவை 1 ஆக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பிடிஎஃப் ஆக்கி அச்சிடும்போது `Actual size` தெரிவாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அச்சுப்பொறி தாளுக்கேற்பச் சுருக்கிவிடும். 54 இருக்கிறதா என்று அடிமட்டத்தால் அளந்து பார்த்தாலே பிடிபடும்.

கோடுகளைச் சாம்பல் நிறத்தில் போட்டால் திரையில் அழகுதான், போட்டோகொப்பியில் காணாமல் போகும். மெல்லிய கறுப்பே நல்லது. மழை மாதங்களில் ஈரம் இழுத்த தாளில் ஜெல் பேனா ஊறும் என்பதால் 80 கிராம் தாளும், நூலில் கட்டிய ஒரு போல்பொயின்ட் பேனாவும் வைத்தோம்.