காணாதே போதியோ

திங்கள்

இன்று மாசி மகம். கபாலீசுவரர் கடலாடப் போகும் நாள். விடியும் முன்பே பாட்டி மெரினாவுக்குக் கிளம்பிவிட்டாள். அடுத்த திங்கள் பிளஸ் டூ தமிழ்ப் பரீட்சை என்பதால் எனக்கு அனுமதி இல்லை. திரும்பி வந்தவளின் புடவைக் கரையெல்லாம் ஈர மணல். "தீர்த்தவாரியைக் கண்ணாரப் பார்த்தேன்டி" என்று செம்பிலிருந்த கடல்நீரை என் தலையிலும் தமிழ்ப் புத்தகத்திலும் தெளித்தாள். புத்தகம் இன்னும் காயவில்லை.

செவ்வாய்

எங்கள் தமிழ்ப் புத்தகத்தில் ஐந்தாம் இயலில் இரண்டு சென்னைக் கோயில்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்று வள்ளலார் பாடிய கந்தகோட்டம், இன்னொன்று சம்பந்தர் பாடிய மயிலை. "பாடத்துல இருக்குற சாமியைப் பார்த்துட்டு வந்தா படிச்ச கணக்குதானே?" என்று பாட்டி அம்மாவிடம் வாதாடி, என்னைக் கந்தகோட்டத்துக்குக் கூட்டிப் போனாள். பாரிமுனை நெரிசலுக்குள் கடைகளுக்கு நடுவே கோயில். செவ்வாய் என்பதால் நல்ல கூட்டம். சிறு வயதில் பள்ளிக்கூடம் பிடிக்காத வள்ளலார், ஏழுகிணறு வீட்டிலிருந்து இங்கே வந்துதான் முருகனைப் பாடியிருக்கிறார். அவர் பாட்டை நாங்கள் பரீட்சைக்கு உருப்போடுகிறோம். முருகனுக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும். வரிசையில் நிற்கும்போதே 'ஒருமையுடன் நினது திருமலரடி' முழுதும் தடங்கலில்லாமல் வந்துவிட்டது.

புதன்

மயிலைப் பாட்டுதான் படுத்துகிறது. நாலே அடிக்குள் மலிவிழா, கலிவிழா, பலிவிழா, ஒலிவிழா. எதற்கு எது பொருள் என்று ராத்திரி முழுக்க மாறிக்கொண்டே இருந்தது.

வியாழன்

மாலையில் கபாலீசுவரர் கோயில். பூம்பாவை சந்நிதி அருகே வயதான ஓதுவார் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பாட்டிதான் பேச்சை ஆரம்பித்தாள்.

"ஐயா, பேத்திக்குப் பரீட்சை. இந்தப் பாட்டுல நாலு விழா வருதாம், குழம்புறா."

அவர் சிரிக்கவில்லை. "முதல்ல இது யாருக்குப் பாடினதுன்னு தெரியுமாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

கதை தெரியும். சிவநேசர் தம் மகள் பூம்பாவையைச் சம்பந்தருக்கே என்று சொல்லி வளர்த்தார். ஏழு வயதில் பூப்பறிக்கப் போனவளைப் பாம்பு தீண்டியது. எலும்பையும் சாம்பலையும் குடத்தில் காத்து வைத்திருந்தார். சம்பந்தர் வந்து அந்தக் குடத்தைப் பார்த்துப் பாடியதுதான் இந்தப் பதிகம்.

"அதான். குடத்துக்குள்ள இருக்குற பொண்ணுகிட்ட, ஊர்ல நடக்கிற விழாவை எல்லாம் சொல்லி ஆசை காட்டுறார். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு. உங்க பாடத்துல இருக்கிறது பதிகத்துல ஏழாவது பாட்டு, பங்குனி உத்திரம். இதையெல்லாம் பார்க்காமலே போயிடுவியான்னு கேட்கிறார்."

திங்கட்கிழமை கடலாட்டு நினைவுக்கு வந்தது. பாட்டி என்னைப் பார்த்தாள்.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னார். வீதி நிறைய விழா, அது மலிவிழா. மனசு கிளர்ந்து எழும், அது கலிவிழா. "பலின்னா ஆடு கோழி இல்லம்மா" என்று எழுந்து பலிபீடத்தைக் காட்டினார். உத்சவ நாளில் திசைதோறும் பூசை செய்து அன்னம் இடுவார்களாம், அது பலிவிழா. கூட்டமும் மேளமும் பாட்டும் சேர்ந்த ஆரவாரம் ஒலிவிழா. "வீதி நிறைஞ்சு, மனசு எழுந்து, திசைக்கெல்லாம் பூசை போட்டு, கடைசியில ஊரே சத்தம். விழாவும் அந்த வரிசையிலதானே நடக்குது?" என்றார். இனி எனக்கு மாறாது.

பிறகு ஒருமுறை பாடிக் காட்டினார். 'காணாதே போதியோ பூம்பாவாய்' என்று முடியும்போது கடைசிச் சொல்லை நீட்டவே இல்லை, கூப்பிடுகிற மாதிரி விட்டார். வகுப்பில் நாங்கள் இழுத்து இழுத்துப் பாடுவோம்.

வெள்ளி

பழைய வினாத்தாள்கள். கோயில் இல்லை.

சனி

மறுபடி மயிலை. நர்த்தன விநாயகர் முன்னால் ஒரே யூனிபார்ம் கூட்டம். எல்லார் கையிலும் ஹால் டிக்கெட், பேனா. குருக்கள் தட்டில் மொத்தமாக வாங்கிக் காட்டிவிட்டுத் திருப்பித் தர, எனக்கு யாரோ ஒரு பையனின் ஹால் டிக்கெட் வந்துவிட்டது. வெளிப்பிராகாரத்தில் தேடிப் பிடித்து மாற்றிக்கொண்டோம். அவன் முகம் வெளிறியிருந்தது, என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். ஹால் டிக்கெட்டைத் தட்டில் வைக்க வேண்டாம், பேனா போதும் என்பது பாட்டியின் புதுச் சட்டம்.

ஞாயிறு

இரண்டு நீலப் பேனா, ஒரு கறுப்பு, ஸ்கேல், ஹால் டிக்கெட் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. இரவு பாட்டி காலண்டரையும் என் பரீட்சை அட்டவணையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பங்குனிப் பெருவிழா தொடங்கும்போது எனக்குப் பரீட்சை முடிந்திருக்காது. தேரன்றைக்கு வேதியியல். எட்டாம் நாள் காலையில் குளக்கரையில் பூம்பாவையை உயிர்ப்பிக்கும் ஐதிகம், மாலையில் அறுபத்துமூவர். அதற்குள் பரீட்சை எல்லாம் முடிந்துவிடுகிறது.

"தேர் போனா போகட்டும். எட்டாம் நாள் விடியக்காலை அஞ்சு மணிக்கு எழுப்புவேன், படிக்கணும்னு சாக்குச் சொல்லக் கூடாது" என்றாள்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று இருவரும் எடுத்துக்கொண்டோம்.