டையோடு கணக்கில் மைனஸ் விடை வந்தால்

செமஸ்டர் தேர்வில் வந்த சர்க்யூட் சின்னதுதான். 2 வோல்ட் சப்ளை, அதற்குத் தொடராக 3 கிலோ ஓம், அடுத்து 1 கிலோ ஓம், அந்த 1 கிலோ ஓமுக்கு இணையாக ஒரு சிலிக்கான் டையோடு. சப்ளை 0.7 வோல்ட்டைவிட அதிகம், அதனால் டையோடு ஆன் என்று எழுதிவிட்டேன்.

ஆன் என்றால் டையோடின் குறுக்கே 0.7 வோல்ட். 3 கிலோ ஓமில் 1.3 வோல்ட் மிச்சம், அதில் வருவது 0.43 மில்லி ஆம்பியர். 1 கிலோ ஓம் மட்டுமே 0.7 மில்லி ஆம்பியர் கேட்கிறது. டையோடுக்குக் கிடைப்பது மைனஸ் 0.27. மெஷ் கணக்குப் பழக்கத்தில், மின்னோட்டம் எதிர்த்திசையில் போகிறது என்று எழுதி முடித்தேன். மார்க் போனது அங்கேதான். டையோடு கணக்கில் மைனஸ் திசையைச் சொல்வதில்லை, நம் அனுமானமே தவறு என்கிறது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு ஆஃப் என்று வைத்து மறுபடி தொடங்க வேண்டும். டையோடைக் கழற்றிப் பார்த்தால் அந்த இடத்தில் 0.5 வோல்ட்தான். 0.7-ஐ எட்டவில்லை, ஆகவே ஆஃப். சப்ளையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், டையோடைக் கழற்றிய இடத்தில் என்ன மின்னழுத்தம் நிற்கிறது என்று பாருங்கள்.

வீட்டுக்கு வந்து சப்ளையை 3 வோல்ட்டாக மாற்றிப் போட்டுப் பார்த்தேன். கழற்றிய இடத்தில் 0.75 வோல்ட், டையோடு ஆன். மின்னோட்டம் 0.067 மில்லி ஆம்பியர், பிளஸ்தான். சோதனை பாஸ். ஆனாலும் லோடு லைன் வரைந்தேன். தெவனின் மின்னழுத்தம் 0.75 வோல்ட், தெவனின் தடை 0.75 கிலோ ஓம். ஆகவே கிடை அச்சில் 0.75 வோல்ட்டையும் நிலை அச்சில் 1 மில்லி ஆம்பியரையும் சேர்க்கும் நேர்கோடு. அதே தாளில், 0.7 வோல்ட்டில் 1 மில்லி ஆம்பியர் கடத்தும் டையோடின் வளைவு. அறை வெப்பநிலையில் டையோடின் மின்னழுத்தம் சுமார் 60 மில்லி வோல்ட் குறைந்தாலே மின்னோட்டம் பத்தில் ஒன்றாகிவிடும். இரண்டும் வெட்டிக்கொண்ட இடம் 0.65 வோல்ட், 0.136 மில்லி ஆம்பியர். நான் கணக்கிட்டதைப்போல இரண்டு மடங்கு!

ஆன் என்ற முடிவு சரி, மின்னோட்டம்தான் தவறு. காரணம் எளிது: 0.75-இல் 0.7-ஐக் கழித்தால் மிஞ்சுவது 0.05 வோல்ட். டையோடின் உண்மையான மின்னழுத்தமோ 0.05 வோல்ட் இறங்கி நிற்கிறது. பிழையும் மிச்சமும் ஒரே அளவு.

சப்ளையை 12 வோல்ட் ஆக்கினால் தெவனின் 3 வோல்ட். டையோடுக்கு 0.7 வோல்ட் என்று வைத்தால் 3.07 மில்லி ஆம்பியர் வருகிறது, வளைவு 3.03 தருகிறது. அங்கே லோடு லைன் வரைந்து நேரத்தைச் செலவிட வேண்டாம். தெவனின் மின்னழுத்தம் 0.7-ஐ ஒட்டி வரும்போது மட்டும் கிராஃப் தாளை எடுங்கள்.