சீசனுக்கு முன் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் எங்களை அறிமுகம் செய்த விதம்

காவேரிப்பட்டணத்தில் எங்களுக்கு பாய்லர் சர்வீஸ் பட்டறை. கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத்து மாங்கூழ் ஃபேக்டரிகளுக்கு மே மாதம் பெங்களூரா காய் வரத் தொடங்கிவிட்டால் மூச்சுவிட நேரமிருக்காது. அதனால் பராமரிப்புப் பேச்சுவார்த்தையெல்லாம் பிப்ரவரி, மார்ச்சிலேயே முடிந்தாக வேண்டும். பர்கூர் பக்கம் ஒரு புது ஃபேக்டரியிலிருந்து இந்த வருஷம் கூப்பிட்டார்கள். ஆர்டரைத் தீர்மானித்தது விலைப்பேச்சு இல்லை, முதல் பத்து நிமிஷ அறிமுகம்தான் என்று உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

முந்தின நாள் மேனேஜருக்கு போன் போட்டு, கூட்டத்தில் யார் யார் இருப்பார்கள் என்று கேட்டேன். முதலாளியும் தானும் என்றார். “உங்க பாய்லர் அட்டெண்டன்ட்டும் இருந்தா நல்லாருக்கும் சார்” என்றேன். கையெழுத்துப் போடுபவர் முதலாளி. ஆனால் நாங்கள் போன பிறகு, “இவங்க எப்படி?” என்று அவர் கேட்கப்போவது அட்டெண்டன்ட்டிடம்தான். அந்த ஆளுக்கு எங்களைத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் பக்கம் மூன்று பேர்: நான், சீனியர் ஃபிட்டர், தண்ணீர் பரிசோதனை பார்க்கும் பெண். சீசனில் அந்த ஃபேக்டரிக்குள் கால் வைக்காத யாரையும் கூட்டிப்போகவில்லை. எங்கள் கணக்காளர் நன்றாகப் பேசுவார், இருந்தாலும் அவர் வரவில்லை.

டீ வந்ததும் ஆரம்பித்தேன். “ஐயா, நாங்க கூழ் ஃபேக்டரி, அரிசி ஆலை பாய்லர் மட்டும்தான் பாக்கறோம். சீசனுக்கு முன்னாடி ஓவர்ஹால், சீசன்ல ராத்திரி பகல் பிரேக்டவுன். புது பாய்லர் விக்கறதில்ல.” நிறுவனத்தைப் பற்றி அவ்வளவுதான். பட்டறை எப்போது தொடங்கினோம், யார் தொடங்கினார் என்ற வரலாறெல்லாம் கேட்டால் சொல்லலாம். அதில் ஆரம்பித்தால் முதலாளியின் கை தானாக போனுக்குப் போய்விடும், பல இடங்களில் பார்த்திருக்கிறேன். புது பாய்லர் விற்பதில்லை என்பதை வேண்டுமென்றேதான் சேர்த்தேன். இல்லையென்றால் ‘பழசைக் குறை சொல்லிப் புதுசைத் தலையில் கட்டுவார்களோ’ என்ற சந்தேகம் கூட்டம் முடியும்வரை ஓடிக்கொண்டே இருக்கும்.

அடுத்து ஆட்கள். பதவி, அனுபவம் என்று அடுக்காமல், எந்த நேரத்தில் யார் தேவைப்படுவார் என்று சொன்னேன். ஃபிட்டரின் பெயரைச் சொல்லி, “ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபீட் பம்ப் நின்னா நீங்க கூப்பிடற ஆள் இவர்தான். முக்கால் மணி நேரத்துல வந்துடுவார்” என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். ஃபிட்டர் அட்டெண்டன்ட் பக்கம் திரும்பி, “அண்ணா, போன சீசன்ல எது அதிகமா தொந்தரவு குடுத்துச்சு?” என்று கேட்டார். இருவரும் பேசத் தொடங்கினார்கள். தன் ஆள் மனம்விட்டுப் பேசுவதைப் பார்த்த முதலாளி நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டார்.

தண்ணீர் பார்க்கும் பெண் விஷயத்தில் கொஞ்சம் யோசித்தோம். தண்ணீரின் கடினத்தன்மையை நீக்கும் சாஃப்டனரிலிருந்து வரும் தண்ணீரில் அவர் சொட்டு மருந்து விட்டுக் காட்டினால் அதைவிடச் சிறந்த அறிமுகம் இல்லை. தண்ணீர் சரியாக இருந்தால் நீலமாகும். கடினத்தன்மை தரும் உப்பு தங்கியிருந்தால் ஒயின் சிவப்பாகும். அந்த உப்புதான் குழாய்க்குள் படிந்து, விறகைத் தின்று, கடைசியில் குழாயையே கெடுக்கிறது. ஆனால் முதலாளி முன்னால் சிவப்பாகிவிட்டால் தலைகுனிவது அட்டெண்டன்ட். அதனால், “கூட்டம் முடிஞ்சு பாய்லர் ஹவுஸ்ல பாத்துக்கலாம்” என்று மட்டும் அந்தப் பெண் சொன்னார்.

எங்களால் முடியாததையும் அறிமுகத்திலேயே சொன்னேன். குழாய் ஓட்டையானால் வெல்டிங் எங்கள் வேலை இல்லை. அதற்குச் சான்றிதழ் உள்ள வெல்டர் வேண்டும், பாய்லர் இன்ஸ்பெக்டரின் அனுமதி வேண்டும். அந்த ஏற்பாட்டில் நாங்கள் கூட இருப்போம், அவ்வளவே.

முதலாளி கேட்டது ஒரே கேள்வி. “வேற எந்தெந்த ஃபேக்டரி பாக்கறீங்க?” கேள்வி அப்படி இருந்தாலும், அவருடைய கவலை வேறு. ஒரே ராத்திரியில் இரண்டு இடத்தில் பாய்லர் நின்றால், கேட்டில் காய் லாரி வரிசையில் நிற்கும்போது, எங்கே முதலில் போவீர்கள் என்பதுதான். மற்ற ஃபேக்டரிகளின் பெயரை அவர்கள் சம்மதமில்லாமல் சொல்வது எங்கள் வழக்கமில்லை. “சீசன்ல ரெண்டு குழு இருக்கும் ஐயா. அந்த ரெண்டு குழு தாங்கற அளவுக்குமேல ஆர்டர் எடுக்கறதில்ல. விசாரிக்கணும்னா, ஒரு ஃபேக்டரி மேனேஜர்கிட்ட கேட்டுட்டு அவர் நம்பர் தர்றோம்” என்றேன். மேனேஜர் அதைக் குறித்துக்கொண்டார்.

பாய்லர் ஹவுஸில் தண்ணீர் சிவப்பாகத்தான் மாறியது. “சாஃப்டனர்ல கல்லுப்பு போட்டு ரீஜெனரேஷன் பண்ணி நாளாச்சு மேடம்” என்று அட்டெண்டன்ட் தானாகவே சொன்னார். கிளம்பும்போது ஃபிட்டரின் நம்பரைத் தன் போனில் பதிந்துகொண்டார். மறுநாள் மேனேஜர் கூப்பிட்டு, ஓவர்ஹாலுக்குத் தனியாகவும் சீசன் பிரேக்டவுனுக்குத் தனியாகவும் கொட்டேஷன் கேட்டார். முதலில் ஓவர்ஹாலுக்கு ஆர்டர் வந்தது. அந்த வேலையை முடித்துக்கொடுத்த பிறகு சீசன் ஒப்பந்தமும் கையெழுத்தானது.